வரி விளம்பரத்தில் செல் எண்: சேர்த்து எழுதுவதா, இடைவெளி விட்டு எழுதுவதா?

04.03.2024, திங்கள் – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

கீழ்வீட்டை ஒத்திக்கு விடப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுக்க நேற்று ஒரு முகவரிடம் போனேன். முதல் பத்துச் சொல்லுக்கு 300 ரூபாய், அதற்கு மேல் சொல் ஒன்றுக்கு 30 என்றார். நான் எழுதிக்கொண்டு போனது இது:

வில்லாபுரத்தில் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒத்திக்கு உள்ளது. தொடர்புக்கு: செல் எண் +91 9×××× ×××××

பதினான்கு சொல் என்று சொல்லி 420 கேட்டார். செல் எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டால் அது இரண்டு சொல்லாம், சேர்த்து எழுதினால் ஒன்றாம். பத்து இலக்கத்தை ஒரே கோடாக எழுதினால் எவன் படிப்பான் என்கிறாள் என் மனைவி. ஓர் இடைவெளிக்கு முப்பது ரூபாய் தண்டம் என்பது என் கட்சி. நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள்?

04.03.2024, திங்கள் – சிம்மக்கல் முகவர்

உங்களிடம் கணக்குச் சொன்னவர் நானில்லை, ஆனால் கணக்கு சரி. நானும் இதே தொழில்தான், இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன்.

இடைவெளியை விடுங்கள். அதற்கு முன்னால் நிற்கும் நான்கு சொல்லைப் பாருங்கள்: தொடர்புக்கு, செல், எண், +91. நான்கும் சேர்ந்து 120 ரூபாய். வீடு ஒத்திக்கு என்று எழுதி அதற்கடியில் பத்து இலக்கம் போட்டால், அது வீட்டு வரி ரசீது எண் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். செல் என்று சொல்லத் தேவையில்லை, எண் என்று சொல்லவே தேவையில்லை.

பிறகு ‘இல்’ உருபுகள். வில்லாபுரத்தில் என்றாலும் வில்லாபுரம் என்றாலும் ஒரு சொல்தான், அதில் காசு மிச்சமில்லை. ‘கொண்ட’, ‘உள்ளது’ இரண்டும் போகலாம். மிஞ்சுவது:

வில்லாபுரம் தரைத்தளம் இரண்டு படுக்கையறை வீடு ஒத்திக்கு 9×××× ×××××

எண்ணிப் பாருங்கள். இடைவெளியையும் சேர்த்து எட்டுச் சொல். பத்துக்கு நீங்கள் எப்படியும் பணம் கட்டியாக வேண்டும், ஆகவே உங்கள் இடைவெளி இலவசம். இன்னும் இரண்டு சொல்லுக்கு இடமும் இருக்கிறது. வீட்டுக்காரம்மா சொன்னதைக் கேளுங்கள்.

04.03.2024, திங்கள் – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

மிச்சமுள்ள இரண்டில் ‘தரகர் வேண்டாம்’ என்று போடப்போகிறேன். மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

04.03.2024, திங்கள், இரவு – கே.கே.நகர் ஓய்வூதியர்

முகவர் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். செல் எண்ணுக்கு முன்னால் 0 கட்டாயம் போட வேண்டும். 2021-இல் அரசே உத்தரவு போட்டது. 0 இல்லாமல் அச்சிட்டால் என் வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பு போகாது. நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

05.03.2024, செவ்வாய் – சிம்மக்கல் முகவர்

ஐயா சொல்வதில் பாதி சரி. 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து செல்லுக்கு அழைக்கும்போது மட்டும் முன்னால் 0 அழுத்த வேண்டும். செல்லிலிருந்து செல்லுக்கு வேண்டியதில்லை. அந்த 0 எண்ணின் உறுப்பு அன்று, அழைக்கும் விதம். தரைவழி வைத்திருப்பவர் மூன்று ஆண்டுகளாகத் தினமும் 0 அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கு விளம்பரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அச்சில் 0 போட்டால் வருகிற தொல்லை வேறு. எண் பதினொன்றாகிவிடும். படிப்பவர் எல்லோருக்கும் செல் எண் என்றால் பத்து இலக்கம் என்பது கைப்பழக்கம். 6, 7, 8, 9 இந்த நான்கில் ஒன்றில் தொடங்கும், பத்தில் முடியும். அப்படியே விட்டால் ஓர் இலக்கம் கூடினாலும் குறைந்தாலும் படிப்பவருக்கே தெரிந்துவிடும். 0 போட்டீர்களானால் பதினொன்று சரியா, பத்துதான் சரியா, நடுவில் ஏதோ ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டதா என்று குழம்புவார். குழம்பியவர் அழைப்பதில்லை. அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

+91-ம் அப்படித்தான். மதுரைப் பதிப்பு திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கம்தான் போகிறது. தேனிக்காரர் நாட்டுக் குறியீடு போட்டு அழைப்பதில்லை.

05.03.2024, செவ்வாய் – கே.கே.நகர் ஓய்வூதியர்

என் வயதுக்காரர்களிடம் இன்னமும் தரைவழிதான் இருக்கிறது. எல்லோருக்கும் இந்த 0 தெரியும் என்று நீங்களாகச் சொல்கிறீர்கள். என் தங்கைக்குத் தெரியாது.

05.03.2024, செவ்வாய் – உசிலம்பட்டி ஆட்டுக்காரர்

நல்ல கேள்வி கேட்டீர்கள். எனக்கும் இதே பிரச்சினை. போன பக்ரீத்துக்கு முன்னால் கிடா விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் போட்டேன். ஆடெல்லாம் விற்றுப்போய் எட்டு மாதமாகிறது, இன்னமும் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. நேற்று இரவு பதினோரு மணிக்கு ஒருவர் கிடா என்ன விலை என்கிறார். பத்திரிகையிலிருந்து எண்ணை எப்படி எடுப்பது?

05.03.2024, செவ்வாய் – சிம்மக்கல் முகவர்

அண்ணாச்சி, இங்கே கேள்வி அதுவன்று. இருந்தாலும் சொல்கிறேன்: அச்சானதை எடுக்க முடியாது. அந்தத் தாளில் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள், அதைப் பிரித்துத் தின்றவர் அழைக்கிறார்.

விளம்பரத்துக்கென்று தனி சிம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதிலும் ஒரு வினை இருக்கிறது. வேலை முடிந்தது என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் உங்களைவிட்டுப் போகும், துண்டித்த 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அப்போது அவரிடம் கிடா விலை கேட்பார்கள். நீங்கள் எப்படி எண்ணை எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், அது இங்கே பயன்படும்.

05.03.2024, செவ்வாய் – உசிலம்பட்டி ஆட்டுக்காரர்

என் எண் 38-இல் முடியும், மகன் எண் 39-இல் முடியும். சேர்ந்து வாங்கிய சிம். ஆகவே சிக்கனமாக 9×××××××38/39 என்று போட்டேன். ஒரே சொல் கணக்கு. மகனுக்கு மட்டும் அழைப்பே வரவில்லை, அதனால் நான்தான் ஆட்டையும் பார்த்து அழைப்பையும் எடுத்தேன். ஒரு பையன் நேரில் வந்து, “உங்கள் எண்ணில் ஏன் பன்னிரண்டு இலக்கம் இருக்கிறது?” என்று கேட்டான்.

05.03.2024, செவ்வாய் – சிம்மக்கல் முகவர்

பார்த்தீர்களா. சாய்கோடு தரைவழிக் காலத்துப் பழக்கம். பஜாரில் பெரிய கடைகளுக்கு அடுத்தடுத்த எண்ணாக இரண்டு மூன்று இணைப்பு இருக்கும். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் போட வேண்டும் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். இப்போது முப்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 38/39 ஒரு புதிர். காசு மிச்சம், ஆனால் இரண்டாவது எண் இருந்தும் இல்லாததுதான்.

இரண்டாவது எண் எதற்கு என்பதே என் கேள்வி. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து கையில் இருக்கப்போகும் செல் எதுவோ அந்த ஒன்றை மட்டும் போடுங்கள்.

05.03.2024, செவ்வாய், இரவு – தமிழெண் பிரியர்

யாரும் தமிழ் எண்ணைப் பற்றிப் பேசாதது வருத்தம். பத்திரிகை தமிழ், ஊர் மதுரை, வீடு வில்லாபுரம். எண் மட்டும் ஏன் வேற்று எண்? ௯௮௭ என்று போட்டால் பார்வைக்கும் அழகு.

05.03.2024, செவ்வாய், இரவு – சிம்மக்கல் முகவர்

அழகுதான். ௧ என்பதைக் ககரம் என்று படிப்பார்கள், ௭ எகரம், ௮ அகரம். ௨ வந்தால் பிள்ளையார் சுழி என்று கும்பிட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போவார்கள். தரகர் வேண்டாம் என்பவருக்கு வேண்டுமானால் பயன்படும், எந்தத் தரகராலும் அழைக்க முடியாது.

06.03.2024, புதன் – பழைய அச்சுக்கோப்பாளர்

நான் ஈய எழுத்து கோத்த காலத்திலிருந்து இந்தப் பத்திகளைப் பார்த்தவன். இப்போது ஓய்வு. முகவர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் காசு வாங்கும் மேசைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறார். எண் கெடுவது அதற்குப் பிறகு, பக்கத்தில் ஏறும்போது.

வரி விளம்பரப் பத்தி மிக ஒடுக்கம். நம் தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்று சொல் கொண்டால் அதிகம். ‘ஒத்திக்கு’ என்று ஒரு வரி முடிகிற இடத்தில் உங்கள் எண் வந்தால், இடைவெளி விட்ட எண்ணின் முதல் ஐந்து அந்த வரியின் கடைசியிலும் மற்ற ஐந்து அடுத்த வரியின் தலையிலும் போய் விழும். படிப்பவர் முதல் ஐந்தைத் தட்டிவிட்டுக் கண்ணை இறக்கும்போது, பக்கத்து விளம்பரத்தின் வரிக்குப் போனாலும் போவார். ஒரு கோடுதானே நடுவில். இடைவெளிக்குப் பதிலாகச் சிறு கோடு போட்டு இணைத்தாலும் கணினி அந்த இடத்தில் உடைக்கத்தான் செய்யும்.

சேர்த்து எழுதிய எண் உடையாது. அதற்குப் பதிலாக முழுதாக அடுத்த வரிக்கு இறங்கும். மேல் வரியில் இரண்டு சொல் மட்டும் நின்று, பல் விழுந்த வாய்போல நடுவில் இடைவெளி பெருகும். அது அழகில்லை, ஆனால் எண்ணுக்குச் சேதமில்லை.

இதற்கு மருந்து கணினியில் உண்டு. பார்ப்பதற்கு இடைவெளி, ஆனால் வரி அங்கே உடையாது. சாதாரணமாக Word-இல் தட்டுபவர்கள் Ctrl+Shift+Space அழுத்தினால் அது வரும். பக்கம் அமைக்கும் மென்பொருள்களிலும் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆயிரம் விளம்பரம் தட்டுகிற பையன் உங்கள் ஒருவருக்காக அதைச் செய்வான் என்று நம்பாதீர்கள். எண்ணைத் தனி வரியில் போடச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் செய்வார்கள்.

இன்னொன்று. கூடுதல் காசு கொடுத்தால் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுவதாகச் சொல்வார்கள். வேண்டாம். செய்தித்தாள் மை குடிக்கும். அந்தச் சிற்றெழுத்தில் தடித்துப் போட்டால் 6, 8, 9 ஆகியவற்றின் வயிறு அடைத்துவிடும். 3 எது, 8 எது என்று நீங்களே பூதக்கண்ணாடி தேடுவீர்கள். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து அதைவிட மோசம், மை உள்ளே பரவி 1-ஐ விழுங்கிவிடும். மெல்லிய சாதாரண எழுத்துதான் அந்த அளவில் தெளிவு. காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

06.03.2024, புதன் – சிம்மக்கல் முகவர்

தடித்த எழுத்து விஷயம் எனக்கு உறைக்கிறது. எத்தனை பேரிடம் “எண்ணை மட்டும் போல்டாகப் போடுங்கள், பளிச்சென்று தெரியும்” என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன். இன்று கடையில் கிடந்த பழைய பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தேன். பெரிய அளவில் போட்ட கட்ட விளம்பரங்களில் தடித்தது நன்றாக இருக்கிறது. வரி விளம்பரத்தில் அண்ணன் சொன்னதுதான். ஒன்றில் 8-ம் 6-ம் ஒரே உருண்டை.

திங்கட்கிழமை நான் எழுதியதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். இடைவெளி இலவசம் என்றேன். அது சொல் கணக்குப் பத்திரிகைக்கு. வரிக் கணக்கில் வாங்குகிற பத்திரிகையும் உண்டு. அங்கே சொல் எத்தனை என்பது பொருட்டில்லை. சேர்த்து எழுதிய எண் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், அந்த எண்ணுக்காகவே ஒரு வரிக் காசு. அங்கே முன்னால் ஒரு சொல்லைக் குறைத்து எண்ணை மேலே ஏற்றிவிடுவது என் பழக்கம்.

06.03.2024, புதன் – பழைய அச்சுக்கோப்பாளர்

ஏற்றாதீர்கள். தனி வரியில் தனியாக நிற்கிற எண்ணைவிடத் தெளிவு வேறு என்ன இருக்கிறது? அந்த வரிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். மற்றதில் குறைத்துக்கொள்ளுங்கள்.

06.03.2024, புதன் – சிம்மக்கல் முகவர்

காசு கொடுப்பவர் நீங்களில்லை. தையல் மிஷின் ஒன்றை விற்க வருகிறவரிடம் இன்னொரு வரி போடச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

07.03.2024, வியாழன் – திண்டுக்கல் தையல்காரி

தையல் மிஷின் என்றதும் எழுதத் தோன்றியது. நான் மதுரையில் இருந்தபோது கடையில் தரைவழித் தொலைபேசி. ஓவர்லாக் மிஷின் விற்க விளம்பரம் கொடுத்தேன். ஏழு இலக்கம் மட்டும் போட்டேன், 0452 போடவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நான் எங்கள் ஊருக்குள் அழைக்கும்போது ஒரு நாளும் 0452 அழுத்தியதில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

மதுரைக்குள் தரைவழி வைத்திருந்தவர்கள் சிலர் அழைத்தார்கள். செல்லில் அழைத்தவர்களுக்குக் கிடைக்கவேயில்லையாம். திண்டுக்கல்லில் என் அக்கா வீட்டில் தரைவழி இருந்தது. அவள் ஆசையாக அந்த எண்ணைப் போட, திண்டுக்கல்லிலேயே வேறு யாரோ எடுத்தார்களாம். அவர்களுக்குக் காலையிலிருந்து மிஷின் விலை கேட்டு அது நான்காவது அழைப்பு. அக்காவும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

07.03.2024, வியாழன் – சிம்மக்கல் முகவர்

அக்கா சொன்னது சரியான இடம். தரைவழி எண் போடுவோர் இன்று குறைவு, ஆனால் மருத்துவமனை, பள்ளி, லாரி செட் எல்லாம் இன்னும் போடுகிறார்கள். ஊர்க் குறியீட்டில் சிக்கனம் கூடாது. மதுரை 0452, திண்டுக்கல் 0451. திருமங்கலம் 04549, உசிலம்பட்டி 04552. அங்கே குறியீடு ஐந்து, எண் ஆறு. எப்படிக் கூட்டினாலும் 0-ஐச் சேர்த்துப் பதினொன்று வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு.

ஓய்வூதியர் ஐயா கவனிக்க: இங்கே 0 கட்டாயம். செல்லுக்கு முன்னால்தான் தேவையில்லை என்றேன்.

10.03.2024, ஞாயிறு, காலை 11 மணி – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

விளம்பரம் வந்துவிட்டது. ஆறு மணியிலிருந்து செல்லை மடியிலேயே வைத்திருக்கிறேன். ஓர் அழைப்பு இல்லை. ஒத்திக்கு இப்போது ஆளே இல்லையா? அல்லது தரகர் வேண்டாம் என்றதால் கோபமா?

10.03.2024, ஞாயிறு – சிம்மக்கல் முகவர்

ஞாயிறு காலை ஒத்தி வீட்டுக்கு ஓர் அழைப்புகூட இல்லையென்றால் வீட்டில் குறையில்லை, எண்ணில்தான் குறை. பத்திரிகையைக் கையில் எடுத்து, விரல் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக எண்ணுங்கள். படிக்காதீர்கள், எண்ணுங்கள். உங்கள் எண் உங்களுக்கு மனப்பாடம், தாளில் இல்லாததும் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

இன்னும் நல்லது, வீட்டுக்காரம்மா செல்லில் தாளைப் பார்த்து அழுத்தட்டும். பெயர்ப் பட்டியலில் சேமித்த எண்ணை அழுத்தக்கூடாது.

10.03.2024, ஞாயிறு, 11.40 – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

ஒன்பதுதான் இருக்கிறது.

10.03.2024, ஞாயிறு, 11.55 – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

என் எண் 9×××0 00×41. ஐந்து, ஆறு, ஏழாம் இடங்களில் சைபர். அச்சில் 9×××30×41 என்று இருக்கிறது. மூன்று சைபரைக் காணோம், 30 என்று ஒன்று முளைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது இந்த 3? இடைவெளியும் இல்லை.

10.03.2024, ஞாயிறு – சிம்மக்கல் முகவர்

எழுதிக் கொடுத்தீர்களா, தொலைபேசியில் சொன்னீர்களா?

10.03.2024, ஞாயிறு – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

தொலைபேசியில்தான். அலைவானேன் என்று வெள்ளிக்கிழமை அழைத்துச் சொன்னேன். எண்ணையும் நிதானமாகத்தான் சொன்னேன். “மூன்று சைபர்” என்று தெளிவாகச் சொன்னேன்.

10.03.2024, ஞாயிறு – சிம்மக்கல் முகவர்

அங்கேதான் போயிற்று. நீங்கள் சைபர் மூன்று தடவை என்று சொன்னீர்கள். எழுதியவர் மூன்று, சைபர் என்று இரண்டு இலக்கமாக எழுதிக்கொண்டார். தமிழில் அது இரண்டுக்கும் பொருந்தும். “நான்கு ஏழு” என்றால் 47-ஆ 7777-ஆ? சொல்பவருக்குச் சந்தேகமே இருக்காது, கேட்பவருக்கும் இருக்காது. இரண்டு பேருக்கும் வேறு வேறு எண். டபுள், ட்ரிபிள் என்று சொன்னால் இந்தக் குழப்பம் வராது, ஆனால் அதையும் சிலர் வேகத்தில் விட்டுவிடுகிறார்கள். சைபர், சைபர், சைபர் என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்வதுதான் சரி. ஐந்து இலக்கம் சொல்லி நிறுத்த வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு அடுத்த ஐந்து.

ஒன்பதாகப் போனது உங்கள் நல்ல நேரம். பத்தாகவே இருந்து ஓர் இலக்கம் மட்டும் மாறியிருந்தால், எந்த ஊரிலோ ஒருவர் காலையிலிருந்து உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

10.03.2024, ஞாயிறு, இரவு – பழைய அச்சுக்கோப்பாளர்

இப்போதுதான் இடைவெளி எதற்கு என்று புரிகிறது. நானும் முகவரும் நான்கு நாளாக வரி உடைவதைப் பற்றியே பேசினோம். இவர் எண்ணைப் பாருங்கள்: மூன்று சைபர் அடுத்தடுத்து. இடைவெளி விட்டால் ஒன்று இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், கண் தானாக எண்ணிவிடும். சேர்த்துப் போட்டால் மூன்றா இரண்டா என்று படிப்பவர் தடுமாறுவார். சரியாக அச்சாகியிருந்தாலும் பாதிப் பேர் ஒரு சைபரை விட்டிருப்பார்கள்.

ஒரே இலக்கம் மூன்று தடவை தொடர்ந்து வராத எண் என்றால் சேர்த்து எழுதினாலும் பெரிய நட்டமில்லை. இவர் எண்ணுக்கு இடைவெளி வேண்டும், முப்பது ரூபாய் ஆனாலும்.

11.03.2024, திங்கள் – சிம்மக்கல் முகவர்

ஒப்புக்கொள்கிறேன். முதலில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, உங்கள் எண்ணில் தொடர்ந்து வருகிற இலக்கம் உண்டா என்பதுதான். காசுக் கணக்கில் போய்விட்டேன்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். நீங்கள் கைப்பட எழுதிய தாள் இருந்தால், தவறு அவர்களுடையது என்று காட்டி மறுபடி போடச் சொல்லலாம். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை, தயவைப் பொறுத்தது. இந்தத் தடவை எழுதியே கொடுங்கள். 1-ஐ வெறும் கோடாக இழுங்கள், தலையில் கொக்கி வேண்டாம். 7-இன் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். 4-இன் தலையைத் திறந்தே விடுங்கள், மூடினால் 9 ஆகிவிடும். எழுதிய தாளை உங்கள் செல்லில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

11.03.2024, திங்கள் – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

போய்வந்தேன். பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டார், 150 ரூபாய்க்கு அடுத்த ஞாயிறு போடுகிறாராம். எழுதிக் கொடுத்தேன். தாளில் உள்ளபடி என் எதிரிலேயே அவர் செல்லில் அழுத்தினார், என் சட்டைப் பையில் மணி அடித்தது. மனைவியும் உடன் வந்திருந்தாள். இடைவெளி விட்டு எழுதினேனா என்று எட்டிப் பார்த்தாள்.

12.03.2024, செவ்வாய் – கே.கே.நகர் ஓய்வூதியர்

தங்கையிடம் கேட்டேன். 0 போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமாம். எனக்குத்தான் அவள் அழைப்பதில்லை. இருந்தாலும் தெரியாதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

17.03.2024, ஞாயிறு – வில்லாபுரத்து வீட்டுக்காரர்

5.50-க்கு முதல் அழைப்பு. இதுவரை இருபத்தாறு. அதில் பதினொரு பேர் தரகர்கள். “தரகர் வேண்டாம் என்று போட்டிருக்கிறதே” என்றால், “அதனால்தான் நேரடியாக உங்களிடமே பேசுகிறேன்” என்கிறார் ஒருவர். அந்த இரண்டு சொல்லுக்கு ஒத்தித் தொகையைப் போட்டிருக்கலாம். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

எண் ஒரே வரியில் சரியாக நின்றது, கடைசி வரி. நடுவில் இடைவெளி இருக்கிறது. அச்சுக்கோப்பாளர் ஐயாவுக்காக அந்தத் துணுக்கைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

ஓர் அழைப்பு சிங்கப்பூரிலிருந்து. இணையப் பதிப்பில் பார்த்தாராம், அவனியாபுரத்தில் அவர் அம்மா இருக்கிறார், பக்கத்திலேயே வீடு தேடுகிறார். +91 நான் போடவில்லையே, எப்படி அழைத்தீர்கள் என்றேன். “இந்தியாவுக்கு அழைக்க எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்.

17.03.2024, ஞாயிறு – சிம்மக்கல் முகவர்

வெளிநாட்டில் இருப்பவருக்கு +91 தெரியும் என்பது சரி. ஆனால் இடம், மனை விற்பனைக்குப் போடும்போது +91 சேர்க்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொட்டால் நேரடியாக அழைப்பு போகும் என்பது அவர்கள் வாதம். இணையப் பதிப்பில் பக்கம் வெறும் படமாக இருந்தால் தொட்டுப் பயனில்லை. இதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

17.03.2024, ஞாயிறு – உசிலம்பட்டி ஆட்டுக்காரர்

எல்லோருக்கும் பதில் சொன்னீர்கள், என் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்று காலையும் ஒருவர் கிடா கேட்டு அழைத்தார்.

17.03.2024, ஞாயிறு – சிம்மக்கல் முகவர்

இப்போது உங்களிடம் கிடா இருக்கிறதா?

17.03.2024, ஞாயிறு – உசிலம்பட்டி ஆட்டுக்காரர்

இரண்டு இருக்கிறது.

17.03.2024, ஞாயிறு – சிம்மக்கல் முகவர்

அவரைத் திரும்ப அழையுங்கள், அண்ணாச்சி.